கார்பன் பிரஷ்ஷோடு நாலு வருஷம்

ஏற்காட்டிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "மாமா, ரெக்கார்டு துடைக்கிற அந்தக் கார்பன் பிரஷ் வாங்கலாமா?" நாலு வருஷமாக வைத்திருக்கிறேன், பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது.

காய்ந்த தூசிக்கு அது தங்கம். இசைத்தட்டு சுற்றும்போது மயிரிழைகள் லேசாகத் தொட்டால் போதும், ரெண்டு மூன்று சுற்றில் சேலம் ரோட்டுப் புழுதி முழுக்கத் திரண்டுவிடும். எரிச்சல் அதற்கப்புறம்தான். பிரஷை அப்படியே மேலே தூக்கினால், திரண்ட தூசி தூக்கிய இடத்திலேயே ஒரு கோடாகப் படுத்துக்கொள்ளும். மெதுவாக வெளி விளிம்புப் பக்கம் நகர்த்தி இறக்க வேண்டும். இதைக் கற்கவே எனக்கு ஒரு வருஷம்.

கைரேகைக்கு மட்டும் அதை எடுக்கவே கூடாது. அப்பாவின் எல்பி ஒன்றில் யாரோ கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார்கள். அதன்மேல் பிரஷ்ஷை ஓட்டினேன், எண்ணெய்ப் பிசுக்கு இழைகளில் ஏறி அடுத்த மூன்று தட்டுகளிலும் மங்கலாக அப்பியது. அந்த எல்பியில் "டிக்... டிக்" என்று ஒரு சத்தம், சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான். அப்படியென்றால் அழுக்கோ கீறலோ ஒரே இடத்தில் இருக்கிறது. கழுவினால் போகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கழுவினேன். முதல் தடவை வீட்டு போர் தண்ணியில், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. பிறகு பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, நாலு பங்குக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்த்து, நடுவிலிருக்கும் லேபிள் நனையாமல், மைக்ரோஃபைபர் துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை துடைத்து நிறுத்திக் காயவைத்தேன். டிக் போய்விட்டது. (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கு ஆல்கஹால் காட்டவே காட்டாதீர்கள். அவை அரக்கு, கரைந்துவிடும்.)

அடுத்த வாரம் வேறு இடத்தில் மறுபடி பொரிகிற மாதிரி சத்தம். பிரஷ்ஷைத் திட்டினேன். வெளிச்சத்தில் பார்த்தால் வரிகளில் பழுப்பு நிறத் துகள். உள்ளே இருந்த காகித உறையின் மடிப்பு நைந்து நாராக உதிர்ந்துகொண்டிருந்தது! நாலு வருஷமும் தட்டைத் துடைத்துத் துடைத்து அந்தக் குப்பைக்குள்தான் சொருகியிருக்கிறேன்.

உள்ளுறையை மாற்றி, உள்ளே பிளாஸ்டிக் ஒட்டிய புது உறை போட்டேன். பழையதில் அப்பா கையெழுத்து இருந்ததால் எறியவில்லை. தட்டைத் தனியே வைத்துவிட்டு உலர்ந்த மெல்லிய தூரிகையால் மடிப்புகளைத் தட்டினேன், விரல் அழுக்கை மெத்தென்ற ரப்பரால் ஒரே திசையில் தேய்த்தேன், தூளை ஊதித் தள்ளினேன். ஈரத்துணி தொடவில்லை, பட்டால் மை கலங்கும், காகிதம் நெளியும். ஏற்காட்டு மூடுபனியில் பூசணம் பிடித்த உறையென்றால் வீட்டுக்குள் தட்டாதே, வெயிலடிக்கிற நாளில் வெளியே மூக்கைக் கட்டிக்கொண்டு தட்டு என்று மச்சினனிடம் சொன்னேன்.

"அப்போ பிரஷ்?"

"வேண்டாம், முதலில் உறை வாங்கு."

"அப்போ உங்களோடதைக் கொஞ்ச நாள் கொடுங்க மாமா."

அதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.