மறுசீரமைப்புச் சுற்றறிக்கையை வெளியாளிடம் திருத்தக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் எச்ஆர் பிரிவில் இருக்கிறேன். சேலம், மதுரை, திருச்சி சர்வீஸ் பிரிவுகளை ஒரே மேலாளரின் கீழ் கொண்டுவருவது என்று முடிவானது. யாருக்கும் வேலை போகவில்லை, ஊர் மாற்றமும் இல்லை. யார் யாருக்கு ரிப்போர்ட் செய்வது, ஸ்பேர் பார்ட்ஸ் எங்கிருந்து வரும் என்பதுதான் மாறுகிறது. மூன்று ஊர் ஸ்டோர் பொறுப்பாளர்களுக்கு என்ன வேலை என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது.

நாங்கள் எழுதிய ஒரு பக்க வரைவைத் திருத்தித் தரும் பொறுப்பை எம்.டி. ஒரு கம்யூனிகேஷன் ஏஜென்சியிடம் கொடுத்தார். கட்டணம் 35,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அவர்கள் இறுதிப் பிரதியை நேராக எம்.டி.க்கு அனுப்ப, அவர்கள் யோசனைப்படியே வெள்ளிக்கிழமை மாலை அது எல்லோருக்கும் போனது. நானும் மற்றவர்களோடுதான் பார்த்தேன்.

ஆரம்பமே இப்படி: “மாறிவரும் சந்தைச் சூழலில் நமது வளங்களை உகந்த முறையில் ஒருங்கிணைத்து, புதிய பயணத்தைத் தொடங்குகிறோம்.” எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்பது மூன்றாவது பத்தியில்தான் வருகிறது. அதற்கு முன்பே இரண்டாவது பத்தியில், “தற்சமயம் ஆட்குறைப்புத் திட்டம் எதுவும் இல்லை” என்று ஒரு வரி. ஆட்குறைப்பு பற்றி அதுவரை யாரும் பேசவே இல்லை. கேட்காத கேள்விக்கு இப்படி அரைகுறையாகப் பதில் சொன்னால், அப்போ அடுத்த மாதம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அன்றிரவே மூன்று ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்த வரி சுற்றியது. வெள்ளி மாலை அனுப்பியதால் திங்கள் வரை விளக்கம் சொல்ல ஒரு மேலாளரும் இல்லை. மேலாளர்களுக்கே முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்று இதைவிட மோசம். “பணி நேரங்களும் சீரமைக்கப்படும்” என்று ஒரு வாக்கியம். எங்கள் வரைவில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. வேறு யாருக்கோ எழுதியதிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். தொழிலாளர்களின் வேலை நேரத்தை மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. திங்கள் காலையே யூனியனிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

எங்கள் வரைவில் இருந்து அவர்கள் வெட்டியது என்ன தெரியுமா? சம்பளம், பணிமூப்பு, பிஎஃப் எதிலும் மாற்றமில்லை என்ற பத்தி. “நெகட்டிவாக இருக்கிறது” என்று ஓரத்தில் குறிப்பு. ஸ்டோர் பொறுப்பாளர்கள் பற்றிய வரியையும் எடுத்துவிட்டார்கள். அந்த மூவருக்கும் தங்கள் பெயர் விடுபட்டது உடனே கண்ணில் பட்டது. ஒருவர் எனக்குப் போன் செய்து, “சார், என்னை எடுத்தாச்சா?” என்றே கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மூவரையும் தனித்தனியே அழைத்துப் பேசினோம். பிறகு மூன்று ஊர் மேலாளர்களுக்கும் விளக்கினோம். மதியம் திருத்திய சுற்றறிக்கை போனது. அதன் தொடக்கம்: “ஜூலை 1 முதல் சேலம், மதுரை, திருச்சி சர்வீஸ் பிரிவுகள் ஒரே மேலாளரின் கீழ் செயல்படும். உங்கள் பணியிடம், பணி நேரம், சம்பளம், பணிமூப்பு, பிஎஃப் எதுவும் மாறாது. முந்தைய சுற்றறிக்கையில் பணி நேரம் பற்றி வந்தது தவறு.” ஏன் இந்த மாற்றம் என்பதற்கு ஒரே வரி: ஒரு ஊரில் தேங்கிக் கிடக்கும் பாகத்துக்கு இன்னொரு ஊர் வாடிக்கையாளர் காத்திருக்கிறார். அப்புறம் இது: “மூன்று ஸ்டோர் பொறுப்பாளர்களின் புதிய பொறுப்பு இன்னும் முடிவாகவில்லை. ஜூன் 20க்குள் அவர்களிடம் நேரில் தெரிவிப்போம்.” முடிவாகாததை முடிவாகவில்லை என்று தேதியோடு சொன்னதும் அதைப் பற்றிய பேச்சு அடங்கியது. ஆட்குறைப்பு வதந்திதான் சுலபத்தில் ஓயவில்லை. மேலாளர்கள் ஆள் ஆளாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

ஏஜென்சியிடம் கேட்டால், “டோன் நல்லா இருக்கே சார், க்ளையண்ட் அப்ரூவ் பண்ணிட்டாங்களே” என்கிறார்கள். பணம் திரும்பாது.

இப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். வரைவை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்றால் அங்கேயே உஷாராகுங்கள். யாருக்கு என்ன மாறுகிறது, பாதிக்கப்படுபவருக்கு முதலில் சொல்லியாகிவிட்டதா, எது முடிவாகவில்லை என்று கேட்காமல் இதைத் திருத்தவே முடியாது. எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்று தெரியும் பிரதியைக் கட்டாயம் கேளுங்கள். சேர்த்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்கள் வரைவில் ஆதாரம் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பிரதி, நாங்கள் சண்டை போட்ட பிறகுதான் வந்தது. அதே மெயிலில் இன்னொரு கொட்டேஷனும் இணைத்திருந்தார்கள், “ஊழியர் நம்பிக்கை மீட்பு” என்ற தலைப்பில்.