லேப் நேரங்களைக் கூட்டுவது: தாளா, கால்குலேட்டரா, எக்செல்லா?

3000 மீட்டர் ஓட்டம் 400 மீட்டர் ட்ராக்கில் ஏழரைச் சுற்று. முதலில் அரைச் சுற்று, பிறகு ஏழு முழுச் சுற்று என்று ஸ்டாப்வாட்சில் எட்டு லேப் விழும். தொண்டி முதல் மண்டபம் வரை கடலோரப் பள்ளிகளில் 200 மீட்டர் சுற்றுக்குத்தான் இடம் என்றால் பதினைந்து விழும். வாட்சிலேயே மொத்தம் காட்டுமே, எதற்குக் கூட்ட வேண்டும் என்று கேட்கலாம். ஓட்டம் முடிந்ததும் யாரோ ரீசெட்டைத் தட்டிவிட்டு, கையில் லேப் எழுதிய தாள் மட்டும் மிஞ்சுவது உண்டு. வாட்ச் காட்டிய மொத்தத்தின் மேலேயே சந்தேகம் வருவதும் உண்டு.

கணக்குக்கு இந்தத் தாளை எடுத்துக்கொள்வோம்:

```
200 மீ    0:37.62
லேப் 1    1:16.45
லேப் 2    1:17.88
லேப் 3    1:18.30
லேப் 4    1:18.07
லேப் 5    1:18.94
லேப் 6    1:17.59
லேப் 7    1:12.76
```

இதில் சிக்கல் ஒன்றுதான். புள்ளிக்குப் பின்னால் உள்ளது 100 ஆனால் ஒரு வினாடி; வினாடி 60 ஆனால்தான் ஒரு நிமிடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதமான மிச்சம் ஏறுகிறது. ஒவ்வொரு வழியும் இந்த 60-ஐ எந்த இடத்தில் சமாளிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

பழைய வழி, தாளில் மூன்று பத்தியாகக் கூட்டுவது. வலது ஓரத்தில் ஆரம்பிக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ளவை கூட்டினால் 461. அதில் 4 வினாடி போக மிச்சம் 61. வினாடிகள் 153, வந்து சேர்ந்த 4-ஐயும் போட்டால் 157. இது 2 நிமிடம் 37 வினாடி. நிமிடம் 7, கூட 2. ஆக 9:37.61.

அடுத்த பத்திக்கு ஏறும் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பத்தியின் தலையில் எழுதிவிட வேண்டும். இந்த வழியில் தவறு வருவது பெரும்பாலும் கூட்டலில் அல்ல, மிச்சம் ஏற்றுவதில். வினாடிக்கு 60 என்ற பழக்கத்தில் 461-ஐயும் 60-ஆல் வகுத்துவிட்டால் 7 ஏறி 41 மிஞ்சும், விடை 9:40.41 ஆகிவிடும். 2.80 வினாடி கூடுதல், அதாவது ஏழு தடவை 0.40. நெருக்கமான போட்டியில் இந்த இடைவெளிக்குள் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள்.

கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. 1:16.45-ஐ அப்படியே 116.45 என்று அடிப்பார்கள், எட்டையும் கூட்டுவார்கள், 857.61 என்று வரும். அதை 8:57.61 என்று எழுதிவிடுவார்கள். ஆபத்தான விடை, ஏனென்றால் பார்க்கச் சரியாகவே இருக்கிறது. வினாடி இடத்தில் 60-க்கு மேல், உதாரணத்துக்கு 8:77 என்று வந்திருந்தால் யாருக்கும் உறுத்தும்; 57 உறுத்தாது. உண்மையான நேரத்தைவிடச் சரியாக 40 வினாடி குறைவு. கால்குலேட்டர் 157 வினாடியில் 100-ஐ ஒரு நிமிடமாக ஏற்றிவிட்டு 57-ஐ விட்டுவைத்ததால் வந்த வினை.

ஆனால் இதே அடிப்பைச் சரியான வழியாக மாற்றிக்கொள்ளலாம், எங்கள் தேர்வும் இதுதான். கோலனை மறந்துவிட்டு 116.45, 117.88 என்று அடித்துக் கூட்டுங்கள். பிறகு தாளில் இருக்கும் நிமிட இலக்கங்களை மட்டும் எண்ணுங்கள்; இங்கே 7. ஒவ்வொரு நிமிடத்துக்கும் 60 வினாடிக்குப் பதில் 100 போட்டிருக்கிறோம், ஆகவே ஒன்றுக்கு 40 வீதம் 280-ஐக் கழியுங்கள். 857.61-இல் 280 போனால் 577.61. இது முழுக்க வினாடி. 60-ஆல் வகுத்தால் 9 நிமிடம், 540 போக மிச்சம் 37.61. லேப்பை ஒவ்வொன்றாக 76.45, 77.88 என்று மாற்றி அடிப்பதும் இதே விடையைத் தரும், ஆனால் ஏழு மாற்றத்தில் ஏழு இடம் சறுக்கலாம். இங்கே கழித்தல் ஒரே ஒரு தடவை. முதல் 200 மீட்டருக்கு நிமிடமே இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். எட்டு லேப் என்று எட்டு 40 கழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கச்சான் காற்று தாளைப் பறிக்கும் நேரத்தில், கால்குலேட்டரும் கையில் இல்லையென்றால், மூன்றாவது வழி உதவும். லேப்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் 1:17.00-ஐ அடிப்படையாக வைத்து, கூடுதல் குறைவை மட்டும் கூட்ட வேண்டும். 77 வினாடி ஏழு தடவை 539, அதாவது 8:59.00. வித்தியாசங்கள் −0.55, +0.88, +1.30, +1.07, +1.94, +0.59, கடைசிச் சுற்றின் −4.24. இவை சேர்ந்து +0.99. ஆக 8:59.99, கூட 37.62, அதே 9:37.61. சிறிய எண்கள், மனக்கணக்குக்கு இதமானவை. கழித்தல் குறியைத் தவறவிட்டால் மட்டும் மோசம் போகும். பையன் ஒரு சுற்று 1:10, இன்னொரு சுற்று 1:30 என்று ஓடினால் இந்த வழியால் பெரிய லாபம் இல்லை.

எக்செல் 20 பேர் ஓடும்போதுதான் தேவை. செல்லுக்கு இந்த வடிவமும் மொத்தத்துக்கு இந்தச் சூத்திரமும் போதும்:

```
[m]:ss.00
=SUM(B2:B9)
```

அடிக்கும்போது புள்ளி இலக்கத்தை விடவே கூடாது. 1:18.30 என்றால் நிமிடம், வினாடி என்று எடுத்துக்கொள்ளும். வெறும் 1:18 என்றால் ஒரு மணி 18 நிமிடம் என்று வைத்துக்கொள்ளும். சரியாக 1:18-க்கு முடிந்த லேப்பையும் 1:18.00 என்றே அடிக்க வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எகிறினால் இந்த மாதிரி ஒரு செல் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

எந்த வழியில் கூட்டினாலும் சரிபார்க்க வேறொரு வழியைப் பயன்படுத்துங்கள். அதே வழியில் மறுபடி போட்டால் அதே தவறு மறுபடி வரும். இரண்டு விடைக்கும் இடையே 40 வினாடியோ 80 வினாடியோ வித்தியாசம் என்றால் நிமிடக் கணக்கில் கோளாறு. 0.40-இன் மடங்கு என்றால் புள்ளி இலக்கத்தை 60-ஆல் வகுத்திருக்கிறீர்கள். விடை நம்பவே முடியாத அளவு பெரிதாக இருந்தால் தாளைப் பாருங்கள்: 0:37.62, 1:54.07, 3:11.95 என்று எண்கள் ஏறிக்கொண்டே போனால் அது லேப் அல்ல, ஸ்ப்ளிட். அங்கே கூட்டவே வேண்டாம், கடைசி எண்ணே மொத்தம்.

கை ஸ்டாப்வாட்சில் எடுத்த ட்ராக் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு மேலேற்றி எழுத வேண்டும் என்பது தடகள விதி. அப்படியென்றால் 9:37.61, பதிவேட்டில் 9:37.7. இந்த ஏற்றம் மொத்தத்துக்கு ஒரு தடவை மட்டும். லேப் ஒவ்வொன்றையும் 37.7, 1:16.5, 1:17.9 என்று முதலிலேயே ஏற்றிவிட்டுக் கூட்டிப் பாருங்கள், 9:37.9 வரும். ஓடிய பையனுக்கு 0.2 வினாடி நஷ்டம், அவன் காலில் எந்தக் குறையும் இல்லாமலேயே.