நான்கு வரி கேப்ஷனும் மூன்று வீடு மாற்றமும்

எங்கள் வீட்டுச் சாமானை 2019-இல் சென்னையிலிருந்து கோவைக்கும், 2022-இல் கோவைக்குள்ளேயே பீளமேட்டிலிருந்து வடவள்ளிக்கும், 2024-இல் அங்கிருந்து மதுரைக்கும் ஏற்றிப் போனது ஒரே பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள்தான். பெரிய கம்பெனி இல்லை. நான் அவர்களைக் கூப்பிட்டதற்குக் காரணம் அவர்களுடைய விளம்பரப் படத்துக்குக் கீழே இருந்த நான்கு வரி. அதை அப்போதே போனில் படம் பிடித்து வைத்திருந்தேன்:

"வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வோம். நேரிலோ வீடியோ காலிலோ, அரை மணி நேரம் போதும். வழியில் ஏதாவது உடைந்தால் ஈடு வேண்டும் என்பவர்கள் சாமான் மதிப்பை எழுதிக் கொடுங்கள், நூற்றுக்கு மூன்று ரூபாய் ஆகும். மாத நடுவில் என்றால் நான்கு நாள் முன்னால் சொல்லுங்கள், மாதக் கடைசி என்றால் இரண்டு வாரம்."

அவ்வளவுதான். அந்த வாரம் நான் பார்த்த மற்ற விளம்பரங்களில் கவிழ்ந்த லாரியும் விரிசல் விட்ட டிவியும் இருந்தன. "உங்கள் சாமான் பத்திரமாகப் போய்ச் சேருமா?" என்று ஒன்று கேட்டது. ஏற்கெனவே பள்ளிக்கூட டிசி, வீட்டு அட்வான்ஸ் என்று அலைந்துகொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? இந்த நான்கு வரி எதையும் கேட்கவில்லை. எதற்கு எவ்வளவு, எப்போது என்று மட்டும் சொன்னது. மூன்று முறை பயன்படுத்திய பிறகு ஒவ்வொரு வரியும் எவ்வளவு தூரம் நின்றது என்று எழுதத் தோன்றியது.

முதல் வரி, பார்த்துவிட்டுத்தான் விலை என்பது. இதன் அருமை தெரிய 2016-இல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தபோது வேறு ஒருவர் போனிலேயே "டூ பிஹெச்கே தானே மேடம், பதினாலாயிரம்" என்றார். லாரி சென்னை வீட்டு வாசலில் நின்ற பிறகு, சாமான் சொன்னதைவிட அதிகம், இருபத்திரண்டு கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். சாமான் அவர்கள் வண்டியில், நாங்கள் தெருவில். கொடுத்தோம். அவர் ஏமாற்றினார் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, இரண்டு படுக்கையறை என்பது சாமானுக்கு அளவே இல்லை. லாரிக்கு அளவு கன அடி. அது பார்க்காமல் தெரியாது.

2019-இல் வந்த பையன் கையில் டேப் கூட இல்லை. ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்து ஒரு தாளில் டிக் அடித்துக்கொண்டே போனான். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஏற்கெனவே கன அடி அச்சிட்டிருந்தது. ஹாலில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அப்புறம் மேலே பார்த்து, "அக்கா, லாஃப்ட்ல என்ன இருக்கு?" என்றான். பழைய பாத்திரம்தான் என்றேன். ஸ்டூல் போட்டு ஏறினான். இரண்டு அண்டா, கொலுப்படி, கொலுப்பொம்மைப் பெட்டி ஆறு, பாட்டி காலத்து ஆட்டுக்கல், பையனின் தொட்டில் எல்லாம் அங்கே இருந்தன. "இதுதான் அக்கா, எல்லா வீட்லயும் லாஃப்ட்டும் பால்கனியும் சொல்ல மறந்துடுவாங்க. பத்தடி வண்டி பதினாலடி ஆகறது இங்கதான்" என்றான். பிறகு லிஃப்ட் இருக்கிறதா, லாரி கேட் வரை வருமா, கோவை வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டான். சாமானைத் தூக்கி நடக்கிற தூரம் ஆள் கூலியில் சேரும்.

மறுநாள் வந்த கணக்கில் லாரி 17,000, பேக்கிங் 8,000, ஏற்றி இறக்கக் கூலி 6,000, ஆக 31,000 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி 5,580 சேர்த்து 36,580. ஏசி கழற்றுவது தனி என்று கீழே எழுதியிருந்தது. காஸ் சிலிண்டர் ஏற்ற மாட்டோம், ஏஜென்சியில் ஒப்படைத்துவிடுங்கள் என்றும் இருந்தது. பட்டியலில் இல்லாத சாமான் சேர்ந்தால் மட்டும் விலை மாறும், அதையும் ஏற்றும் முன்பே சொல்வோம் என்று ஒரு வரி. கோவையில் இறக்கிய பிறகு கொடுத்தது அதே 36,580. மூன்று முறையும் இப்படித்தான். 2024-இல் வீடியோ காலில் பார்த்தார்கள், அப்போதும் லாஃப்ட் பக்கம் போனைத் திருப்பச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், போனில் பிஹெச்கே கேட்டு விலை சொல்கிறவரிடம் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஈடு. கேப்ஷனில் 'இன்ஷூரன்ஸ்' என்று போடாமல் 'ஈடு' என்று போட்டது எனக்குப் பிடித்தது. ஆனால் நான் சறுக்கியதும் இந்த வரியில்தான். நூற்றுக்கு மூன்று ரூபாய் என்றதும், மதிப்பைக் குறைத்து எழுதினால் பணம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். நாலு லட்சம் பெறுமான சாமானுக்கு இரண்டு லட்சம் என்று எழுதினேன். பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டிய இடத்தில் ஆறாயிரம் கட்டினேன். சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

கோவையில் பிரித்தபோது டைனிங் டேபிள் கண்ணாடி மூலையில் உடைந்திருந்தது. இறக்கிய ஆட்களின் மேஸ்திரியே, "டெலிவரி தாள்ல எழுதிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார். எழுதினேன், பிரிக்கும்போதே படமும் எடுத்தேன். இன்ஷூரன்ஸிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். புதுக் கண்ணாடி போட 9,000 ரூபாய். கைக்கு வந்தது 4,500. மொத்தச் சாமானும் நாலு லட்சம் பெறும்போது நீங்கள் பாதிக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் எந்தச் சேதத்துக்கும் பாதிதான் என்றார். உடைந்தது ஒன்பதாயிரம்தானே, எழுதியது இரண்டு லட்சமாயிற்றே என்று வாதாடிப் பார்த்தேன். அப்படி இல்லையாம். எழுதிய மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள விகிதத்தில்தான் ஒவ்வொரு ரூபாயும் வரும். கேப்ஷனில் இது இல்லை. நான்கு வரிக்குள் இருக்கவும் முடியாது. வீடு பார்க்க வந்த பையன் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு விஷயம். சில இடங்களில் பில்லில் 'ரிஸ்க் சார்ஜ்' என்று வசூலித்துவிட்டு அதையே இன்ஷூரன்ஸ் என்பார்கள். அது லாரிக்காரர் தானே எடுத்துக்கொள்கிற பொறுப்பு. இன்ஷூரன்ஸ் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயரும் பாலிசி எண்ணும் உள்ள தாள் லாரி கிளம்பும் முன் கைக்கு வர வேண்டும். இவர்கள் மூன்று முறையும் கொடுத்தார்கள். ஈடே எடுக்காதவருக்கும் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும் இருக்கின்றன. மதிப்பு எழுதித் தராத சாமானுக்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான். எங்கள் 17,000 வாடகைக்கு அது 1,70,000 ரூபாய் வரும். அதுவும் உச்சவரம்புதான், நஷ்டம் எவ்வளவோ அவ்வளவே கேட்க முடியும். வழக்குப் போடுவதென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதனால் லாரி ரசீதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

நாள் பற்றிய வரிக்கு வருகிறேன். மாத நடுவில் நான்கு நாள், மாதக் கடைசியில் இரண்டு வாரம் என்பது எங்கும் பொருந்தும். வாடகை மாதக் கணக்கு, எல்லோரும் முப்பதாம் தேதி காலி செய்து ஒன்றாம் தேதி குடிபோகிறார்கள். ஆனால் நம் ஊர் கணக்கு அதோடு முடிவதில்லை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். லாரிகள் சும்மா நிற்கும். ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கு எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள். மார்கழி முடிந்து தை பிறந்தாலும் இதே கதைதான். 2022-இல் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆறு நாள் முன்னால் கூப்பிட்டேன். வண்டி இருக்கு, ஆள் இல்லை என்றார்கள். மாமியாருக்கு நாள் தவறக்கூடாது. அந்தப் பையனே வழி சொன்னான்: "பால் அன்னைக்கே காய்ச்சிடுங்கக்கா. விளக்கு, அரிசி, உப்பு, பருப்பு மட்டும் கையில கொண்டு போங்க. சாமான் புதன்கிழமை வரட்டும்." வியாழக்கிழமை முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். அடுத்த புதன் லாரி வந்தது. கூட்டமில்லாத நாள் என்பதால் ஆள் கூலியில் கொஞ்சம் குறைத்தும் கொண்டார்கள். கேப்ஷனில் ஆவணி, தை பற்றி ஒரு சொல் சேர்த்தால் நல்லது என்று அப்போது சொன்னேன். இன்று வரை சேர்க்கவில்லை.

ஆனால் வேறொன்றைச் சேர்த்தார்கள். 2024-இல் மதுரைக்குப் போனபோது பாடம் படித்தவளாக நாலரை லட்சம் என்று முழு மதிப்பும் எழுதினேன், 13,500 கட்டினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, ஒரு கொலுப்பொம்மைப் பெட்டியைத் தவிர. அந்த ஆறு பெட்டியையும் மாமியார் யாரையும் தொட விடவில்லை. பழைய வாயில் புடவையைக் கிழித்து ஒவ்வொரு பொம்மையாகச் சுற்றி, தன் கையாலேயே கட்டினார். மதுரையில் திறந்தால் தசாவதார செட்டில் நரசிம்மருக்கு ஒரு கை இல்லை, வாமனரின் குடை இரண்டாக உடைந்திருந்தது. ஈடு கேட்டேன். நாமே கட்டிய பெட்டிக்குக் கிடையாது என்றார்கள். உள்ளே எப்படி வைத்திருந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாதே. நியாயம்தான், ஆனால் முன்பே தெரிந்திருந்தால் அந்த ஒரு பெட்டியைக் காரில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருப்போம். இதை அப்படியே அவர்களுக்கு எழுதி அனுப்பினேன், கோபமாக இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் கேப்ஷனைப் பார்த்தேன். ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "நீங்களே கட்டிய பெட்டிக்கு இந்த ஈடு சேராது. கொலுப்பொம்மையை எங்களிடம் கட்டக் கொடுங்கள், மனசு வராவிட்டால் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்." மாமியாரிடம் படித்துக் காட்டினேன். நரசிம்மர் கையை ஃபெவிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "மடியிலதான்" என்றார்.