சொல்லை உடைப்பதா, வரியை வைத்து ஊகிப்பதா?

மட்டக்களப்பில் ஓ.எல். ஆங்கிலப் பந்தியில் தெரியாத சொல் வந்தால் பிள்ளைகள் முதலில் முன்பின் வரிகளை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள், ஆனால் அது பாதி வழிதான் போகும். "கடலோர ஆலையில் டிசலினேஷனுக்கு நிறைய கரண்ட் செலவாகும்" என்ற வரியில் அது ஏதோ ஒரு வேலை என்பது மட்டும் புரியும், என்ன வேலை? உடைத்துப் பாருங்கள்: முன்னொட்டு 'டி' என்றால் நீக்குவது, நடுவில் உள்ள 'சலின்' ஆஸ்பத்திரியில் ஏற்றும் அதே சேலைன், அதாவது உப்பு, கடைசி 'ஏஷன்' செயலைக் குறிக்கும் பின்னொட்டு. உப்பை நீக்குதல், சரியா?

இங்கே உடைப்பதுதான் கெட்டி. ஆனால் எண்ணெய் பவுசரில் இருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' ஆளைக் கவிழ்த்துவிடும். 'இன்' என்றாலே 'இல்லை' என்று எடுத்தால் தீப்பிடிக்காதது என்று வரும், உண்மையில் அந்த 'இன்' எதிர்மறையே இல்லை, எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே பொருள். முன்னொட்டைக் கழற்றி, மிஞ்சுவது உண்மையான சொல்லா என்று பார்க்கும் சோதனையும் உதவாது, ஏனென்றால் 'ஃப்ளேமபிள்' உண்மையான சொல்தான். பக்கத்தில் "நெருப்பைக் கிட்டக் கொண்டுவராதே" என்ற வரிதான் காப்பாற்றும்.

என் தேர்வு, முதலில் உடைத்து, கிடைத்த பொருளை அதே வரியில் போட்டு வாசிப்பது. இடித்தால் வரியை நம்புங்கள், ஒட்டை அல்ல.