சொந்தப் பேனாக் கோட்டைக் கற்பிக்கும் ஸ்டைல் அடாப்டர்: லோராவா, ஜோடிப் பயிற்சியா?

புகைப்படத்தைப் பேனா ஓவியமாக மாற்றித் தரும் மென்பொருள்களில் கிடைக்கும் கோடு, யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு பொதுக் கோடாகவே இருக்கிறது. அந்த மாற்றம் நம் கையால் வரைந்ததைப்போல வர வேண்டுமென்றால், நாம் வரைந்த படங்களைக் கொண்டே, படம் உருவாக்கும் மாடலோடு இணையும் சிறு சேர்க்கையான ஓர் அடாப்டரைப் பயிற்றுவிக்க வேண்டும். இன்று வீட்டுக் கணினியிலோ வாடகைக்கு எடுத்த கணினியிலோ இதைச் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன: பயிற்சியே இல்லாமல் மாதிரிப் படத்தைக் காட்டும் ஐபி-அடாப்டர், ஓவியங்களை மட்டும் கொண்டு பயிற்றுவிக்கும் லோரா, புகைப்படத்தையும் அதற்குரிய ஓவியத்தையும் ஜோடியாகக் கொடுத்து, படத்தைத் திருத்தித் தரும் மாடலின்மேல் பயிற்றுவிக்கும் எடிட் மாடல் லோரா. நான் வரைவது 0.3 மி.மீ. பேனாவால் தெருக் காட்சிகள். பெரும்பாலும் மயிலாப்பூர் மாட வீதிகள். அந்தப் படங்களை வைத்தே இந்த மூன்றையும் ஒப்பிடுகிறேன். கறுப்பு மசியும் வெள்ளைத் தாளும் மட்டுமே இருக்கும் படத்தில் குறை எங்கே என்பது உடனே தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

ஐபி-அடாப்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டென்சென்ட் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட இது, நாம் காட்டும் படத்தை ஒரு சிறிய எண்தொகுப்பாகச் சுருக்கி மாடலுக்குள் செலுத்துகிறது. அந்தச் சுருக்கத்தில் ‘கறுப்பு வெள்ளை, பேனா, கட்டடம், அடர்த்தியான நிழல்’ என்பன போன்ற பொதுத்தன்மைகள் தப்பிப் பிழைக்கின்றன. கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, மூலையில் எவ்வளவு தாண்டிப் போகிறது என்பவை பிழைப்பதில்லை. பத்து நிமிடத்தில் ஒரு மாதிரி பார்க்க வேண்டுமானால் இது போதும். தன் கை என்று சொல்லிக்கொள்ள இது போதாது.

லோராதான் பெரும்பாலோர் போகும் வழி. 2021இல் மொழி மாடல்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்த முறையில், மூல மாடலை அப்படியே உறையவைத்துவிட்டு, அதன் அடுக்குகளுக்குப் பக்கத்தில் எண்களாலான சிறிய அணிகளைச் சேர்த்து அவற்றை மட்டும் பயிற்றுவிக்கிறோம். எஸ்டிஎக்ஸ்எல் என்ற படம் உருவாக்கும் மாடலில் முப்பது, நாற்பது ஓவியங்களோடு 12 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டில் இதைச் செய்துவிடலாம். ஆனால் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, ஸ்கேன் செய்யும் கட்டத்திலேயே, கோட்டின் தலையெழுத்து பாதி முடிவாகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல் வரும், அதில் 0.3 மி.மீ. கோடு ஏறக்குறைய மூன்றரை பிக்சல் தடிமனில் இருக்கும். பயிற்சி நிரல் அந்தத் தாளை 1024 பிக்சல் அளவுக்குச் சுருக்கும்போது அதே கோடு ஒரே பிக்சலாகிவிடுகிறது. அதன் மேல், எஸ்டிஎக்ஸ்எல் எந்தப் படத்தையும் நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துத்தான் கற்கிறது. ஒரு பிக்சல் இடைவெளியில் ஓடும் நிழற்கோடுகள் அந்தச் சுருக்கத்தைத் தாங்காமல் சாம்பல் நிறத் தீற்றலாகிவிடுகின்றன. மாடல் கற்பதும் அந்தத் தீற்றலைத்தான். ஆகவே ஸ்கேனை 200 டிபிஐக்குக் குறைத்துக்கொண்டு, 1024 பிக்சல் சதுரத் துண்டுகளாக வெட்டிக் கொடுப்பதே சரி. ஒவ்வொரு துண்டும் தாளில் சுமார் 13 செ.மீ. பகுதியைக் காட்டும், கோடு இரண்டு பிக்சலுக்குச் சற்று மேலே நிற்கும். இதற்கொரு விலையும் உண்டு. பயிற்சி முடிந்த அடாப்டர் 1024 பிக்சலில் தருவது 13 செ.மீ. அகலப் படத்துக்குரிய கோடுகளைத்தான். முழுத்தாள் வேண்டுமானால் துண்டு துண்டாகப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

மூல மாடல், பயிற்சிப் படங்கள், வெளியீடு ஆகியவற்றின் இடங்களை நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி, sd-scripts என்ற பயிற்சி நிரலுக்கான அமைப்புகளில் முக்கியமானவை இவ்வளவுதான்:

```
accelerate launch sdxl_train_network.py \
  --network_module=networks.lora \
  --network_dim=16 --network_alpha=8 \
  --network_train_unet_only \
  --learning_rate=1e-4 \
  --noise_offset=0.05 \
  --resolution=1024,1024
```

இதில் `--noise_offset` இல்லாவிட்டால் வெள்ளைத் தாள் வெள்ளையாக வராமல் மங்கிய சாம்பலாக வர வாய்ப்பு அதிகம்; இந்த வகை மாடல்கள் படத்தின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரத்திலேயே வைத்திருக்க முயல்பவை. பலர் பழக்கத்தில் சேர்த்துவிடும் `--flip_aug` இங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள். அது பயிற்சியின்போது படங்களை அவ்வப்போது இடம் வலமாகத் திருப்பிக் கொடுக்கும். வலக்கைக்காரர் நிழலுக்கு இழுக்கும் இணைகோடுகள் இயல்பாகவே இடது கீழிருந்து வலது மேலாகச் சாயும்; இடக்கைக்காரருடையவை எதிர்த்திசையில் சாயும். லியனார்டோ டா வின்சியின் வரைபடங்களை அடையாளம் காண்பதற்கே அந்தச் சாய்வு உதவுகிறது. படங்களைத் திருப்பிக் கொடுத்தால் மாடல் இரண்டு சாய்வுகளையும் சமமாகக் கற்று, ஒரே சுவரில் இரண்டையும் கலந்து போடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் இது ஒருவர் கையால் வரைந்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

படக்குறிப்பு எழுதுவதில் பின்பற்ற வேண்டியது, படத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுதிவிட்டு, எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதை எழுதாமல் விடுவது. எழுதாமல் விட்டதை மாடல் நாம் வைக்கும் அடையாளச் சொல்லோடு சேர்த்துக்கொள்ளும். தொகுப்பில் பாதிப் படங்களில் மீன்பாடி வண்டி நிற்க, அதைக் குறிப்பில் எழுதாமல் விட்டால், பிறகு எந்தக் கடற்கரைப் படத்தை மாற்றினாலும் ஓரத்தில் ஒரு மீன்பாடி வண்டி முளைக்கும்.

இப்படிக் கவனமாகப் பயிற்றுவித்த லோரா, கோட்டை நன்றாகவே பிடிக்கிறது. சிக்கல் மாற்றும்போதுதான் வருகிறது. லோராவுக்கு ஓவியம் தெரியும். புகைப்படத்திலிருந்து ஓவியத்துக்குப் போகும் பாதை தெரியாது. அந்தப் பாதையைக் காட்ட, ஸ்டான்ஃபோர்டில் 2023இல் உருவான கண்ட்ரோல்நெட்டைத் துணைக்கு அழைக்கிறோம். அது புகைப்படத்தின் விளிம்புகளை எல்லாம் கோடாக எடுத்து, ‘இதன்மேல் வரை’ என்கிறது. தெற்கு மாட வீதியிலிருந்து கோபுரத்தைப் பார்க்கும் ஒரு புகைப்படத்தில், குறுக்கே ஓடும் கேபிள் ஒயர்கள், விளம்பரப் பலகையின் எழுத்துகள், கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றின் முழங்கை எல்லாமே விளிம்புகள்தான். நான் அந்தச் சிற்பங்களைச் சின்னச் சின்ன வளைவுகளாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒயர்களை வரையவே மாட்டேன். கண்ட்ரோல்நெட்டின் பலம் 1.0இல் இருந்தால் அத்தனையும் நேர்த்தியாக வந்து சேரும். கோடு என்னுடையதாக இருக்கும். படம் என்னுடையதாக இருக்காது.

இதற்கு ஓரளவு மாற்று உண்டு. பலத்தை 0.5க்குக் குறைத்து, படம் உருவாகும் மொத்தப் படிகளில் பாதியோடு அதை நிறுத்திவிட்டால் மீதிப் பாதியில் லோரா தன் போக்கில் கோடு போடும். விளிம்புக்குப் பதிலாக, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஆழ வரைபடத்தைக் கொடுப்பது இன்னும் நல்லது. மெல்லிய ஒயர்களும் பலகை எழுத்துகளும் ஆழ வரைபடத்தில் பெரும்பாலும் பதிவாவதில்லை என்பதால் அவை தாமாகவே கழன்றுவிடும். ஆனால் அதே காரணத்தால் வாசலில் போட்ட கோலமும் காணாமல் போகும். தரையோடு தரையாக இருப்பதற்கு ஆழம் ஏது? இயந்திரம் விட்டதும் நான் விட்டதும் சில இடங்களில் தற்செயலாகப் பொருந்துகின்றன, அவ்வளவே.

எதை வரையாமல் விடுவது என்பதையும் கற்பிக்க வேண்டுமானால் மாடலுக்கு இரண்டையும் காட்டியாக வேண்டும்: கண்முன் இருந்தது இது, நான் வரைந்தது இது. ஜோடிப் பயிற்சி இதைத்தான் செய்கிறது. பழைய பிக்ஸ்2பிக்ஸ் முறையில் ஜோடிகள் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தியிருக்க வேண்டும். கையால் வரைந்தது ஒருபோதும் அப்படிப் பொருந்தாது என்பதால் விளைவு மங்கலாகவே வரும். 2025இல் வெளியான ஃபிளக்ஸ் காண்டெக்ஸ்ட், குவென் இமேஜ் எடிட் போன்ற எடிட் மாடல்கள் இரு படங்களையும் ஒருசேர வைத்து எது எதற்கு உரியது என்று தாமே தேடிக்கொள்வதால், கோபுரம் சற்று நகர்ந்திருந்தாலும் சமாளித்துக்கொள்கின்றன. இருபது முதல் நாற்பது ஜோடிகள் கொண்டு இவற்றின்மேல் லோரா பயிற்றுவிக்கலாம். ஆனால் காண்டெக்ஸ்ட்டுக்கே 24 ஜிபி நினைவகம் வேண்டும். குவென் அதைவிடப் பெரியது. சொந்தக் கணினியில் இல்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டும்.

பெரிய வேலை ஜோடிகளைச் சேர்ப்பது. வரைந்த இடத்திலேயே, உட்கார்ந்திருந்த கண் உயரத்திலேயே புகைப்படம் எடுக்க வேண்டும். கைபேசியின் முதன்மை லென்ஸ் நம் பார்வையைவிட அகலமாக விரிவதால் 2எக்ஸில் எடுப்பது பொருத்தம். நிழற்கோடுகள் எந்த நேரத்து வெயிலுக்குப் போட்டவையோ அந்த நேரத்திலேயே படத்தை எடுப்பது அதைவிட முக்கியம். காலையில் வரைந்துவிட்டு மாலையில் எடுத்தால், வெயில் விழும் சுவரில் நிழல் போட வேண்டும் என்று மாடல் கற்றுக்கொள்ளும்.

இந்த உழைப்பைத் தவிர்க்கப் பலர் ஒரு குறுக்குவழியைப் பரிந்துரைக்கிறார்கள்: பழைய ஓவியங்களை வேறொரு மாடலிடம் கொடுத்துப் புகைப்படம்போல மாற்றி, அதையே ஜோடியாக வைப்பது. கோட்டைக் கற்பிக்க இது உதவும். விடுபடுதலைக் கற்பிக்க உதவாது. ஓவியத்தில் நான் வரையாத ஒயர், அதிலிருந்து உருவான போலிப் புகைப்படத்திலும் இருக்காது. மாடல் பார்க்கும் ஒவ்வொரு ஜோடியிலும் இருப்பதெல்லாம் வரையப்பட்டிருக்கும். ஆகவே உண்மையான தெருப் புகைப்படம் வரும்போது அது எல்லாவற்றையும் வரையும். அதாவது, கண்ட்ரோல்நெட் கொடுத்த அதே குறைக்குக் கூடுதல் செலவில் திரும்ப வந்து சேருவோம்.

எது வென்றது என்பதைப் பார்க்க, வரைந்து முடித்த சில ஜோடிகளைப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, அந்தப் புகைப்படங்களை ஒவ்வொரு வழியிலும் மாற்றி உண்மை ஓவியத்தோடு பக்கத்தில் வைக்க வேண்டும். தாளில் எவ்வளவு வெள்ளை மிச்சமிருக்கிறது என்பதை முதலில் பார்ப்பேன், பிறகு ஒயர்கள், பிறகு சாய்வு. நான் பார்த்தவரையில், கோட்டின் தரத்தில் எஸ்டிஎக்ஸ்எல் லோராவுக்கும் ஜோடிப் பயிற்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெள்ளையின் அளவில் ஜோடிப் பயிற்சி தெளிவாக முந்துகிறது. எடிட் மாடல்கள் கொடுத்த படத்தைக் காப்பாற்றவே பழகியவை என்பதால் பயிற்சியின் தொடக்கக் கட்டங்களில் ஒயர்கள் பிடிவாதமாக வந்துகொண்டேயிருக்கும். அவை மறையத் தொடங்கும் கட்டமே நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம். அதைத் தாண்டி வெகுதூரம் போனால் தேவையான சன்னல் கம்பிகளும் சேர்ந்து மறையும்.

ஒற்றைப் பொருள்களையும் முகங்களையும் வரைபவர்களுக்கு, விட வேண்டியது குறைவு என்பதால், லோராவும் ஆழ வரைபடமுமே போதுமானவை. அவர்கள் பெரிய கணினிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. நெரிசலான இடங்களை வரைபவர்கள் ஜோடிகளுக்கு உழைப்பதே பலன் தரும். அவர்கள் இப்போதைக்கு லோராவோடு தொடங்கினாலும், இனி வரையும் ஒவ்வொரு முறையும் எழுந்திருப்பதற்கு முன் அதே இடத்திலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.