அழுவதற்கு ஒரு படம்: மூன்றாம் பிறையா, 96-ஆ, பாசமலரா?

கும்பகோணத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டைப் போன தை மாதம் விற்றோம். பத்திரப்பதிவு அன்று எனக்குக் கண் கூடக் கலங்கவில்லை. கையெழுத்துப் போட்டோம், ஓட்டலில் சாப்பிட்டோம், ரயில் ஏறிச் சென்னை வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது. தெருவில் யாரோ துளசி மாடத்தை இடிப்பதைப் பார்த்தால் தொண்டை இறுகும், ஆனால் அழுகை வராது. சரி, ஒரு படம் போட்டாவது அழுது தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எந்தப் படம் என்பதில்தான் முதல் தடவை தப்பு செய்தேன்.

என் கையில் மூன்று படங்கள் இருந்தன: மூன்றாம் பிறை (1982), 96 (2018), பாசமலர் (1961). மூன்றின் முடிவையும் கீழே சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். நடிப்பு, இசை என்று ஒப்பிடுவதில் பயனில்லை, மூன்றுமே அந்த வகையில் தேறியவை. அழவைப்பதிலும் மூன்றும் கெட்டி. அழுத பிறகு நம்மை எங்கே விட்டுவிட்டுப் போகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் எடுத்தது மூன்றாம் பிறை. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்தேன். விபத்தில் நினைவிழந்து குழந்தை மனதோடு இருக்கும் பெண்ணை ஓர் ஆசிரியர் கேத்திக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறார். அவளுக்குக் குணமாகிறது, குணமானதும் இடையில் நடந்ததெல்லாம் மறந்துபோகிறது. கடைசியில் ரயில் நிலையத்தில், மழையில், சேறு படிந்த உடம்போடு அவர் குரங்கு வித்தை காட்டுவது எல்லோருக்கும் தெரியும். அவள் அவரை யாரோ பைத்தியக்காரன் என்று நினைக்கிறாள். ரயில் போய்விடுகிறது. படம் முடிகிறது.

நானும் அழுதேன். அடக்க முடியாமல்தான் அழுதேன். ஆனால் அந்தக் காட்சிக்குப் பிறகு படம் ஒரு நிமிடம் கூடக் கொடுப்பதில்லை. அவர் எழுந்தாரா, வீட்டுக்குப் போனாரா, யாராவது தேற்றினார்களா, எதுவும் தெரியாது. பார்ப்பவர் உள்ளே ‘அவர் யாரென்று அவளிடம் யாராவது சொல்லுங்களேன்’ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடுகிறது. கலையாகப் பார்த்தால் அதுதான் அதன் பலம். எனக்கோ மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது, படுத்தும் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் கண் வீங்கியிருந்தது, நெஞ்சடைப்பு அப்படியே இருந்தது.

இது படத்தின் குற்றமா, நேரத்தின் குற்றமா என்று யோசித்தபோதுதான் முன்பு படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்கர்ஹூட்ஸ் என்பவர் அழுகையைப் பற்றியே பல்லாண்டு ஆராய்ந்தவர். அவரும் சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 60 பேருக்குச் சோகப் படம் காட்டினார்கள். அழாதவர்களின் மனநிலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அழுதவர்களுக்குப் படம் முடிந்த கையோடு மனநிலை முன்பைவிட மோசமானது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தார்கள். 90 நிமிடம் கழித்துக் கேட்டபோதுதான் படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். 60 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, அவ்வளவுதான், வேத வாக்காக எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் என் வெள்ளிக்கிழமைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பலன் வருகிற நேரத்தில் நான் இருட்டில் புரண்டுகொண்டிருந்தேன். அழுது, பள்ளத்தில் இறங்கி, ஏறி வருவதற்கு முன்பே விளக்கை அணைத்துவிட்டேன்.

ஆகவே அழுகைப் படம் என்றால் படத்தின் நீளத்தோடு ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நம்மைத் தயார்செய்து அனுப்புகிற முடிவு படத்துக்கு உண்டா என்றும் பார்க்க வேண்டும். நான் 96 பக்கம் சாய்வதற்கு இந்த இரண்டாவதுதான் காரணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு 96 போட்டேன். இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும் படம், எட்டு நாற்பதுக்கு முடிந்தது. பள்ளியில் பழகிய இருவர் இருபத்திரண்டு ஆண்டு கழித்து ஒரே ஓர் இரவு சந்திக்கிறார்கள், விடிந்ததும் அவள் விமானம் ஏறிவிடுவாள். கதை இவ்வளவுதான். யாரும் சாவதில்லை, யாரும் கெட்டவர் இல்லை. ராம் தன்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்ததே தெரியாமல் தான் திருப்பி அனுப்பிவிட்டதை ஜானு அறிகிற இடத்தில் ஒருமுறை எனக்கு அழுகை உடைந்தது. பள்ளி நாளிலிருந்து ராம் கேட்டும் அவள் பாடாத ‘யமுனை ஆற்றிலே’ பாட்டை, கரண்ட் போன வீட்டில் பாடுகிறபோது இன்னொரு முறை. இரண்டும் படம் முடிவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. அதன் பிறகு வண்டிப் பயணம், விமான நிலையம், பிரியாவிடை என்று படம் மெல்லக் கீழே இறங்குகிறது.

கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்த ராம், அவள் விட்டுப்போன உடையை மடித்து, பழைய நினைவுப் பொருட்கள் இருக்கிற பெட்டியில் வைத்து மூடுகிறான். ஒரு துணியை மடித்து வைக்கிற காரியம், அவ்வளவுதான். பார்க்கிற நமக்கும் கைக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கிறது. நான் எழுந்து முகம் கழுவினேன், தோசை வார்த்துச் சாப்பிட்டேன். அப்புறம் வீட்டை விற்றபோது கொண்டுவந்து கட்டு பிரிக்காமலே கிடந்த பித்தளைச் சாமான் மூட்டையைப் பிரித்தேன். பாட்டியின் கும்பகோணம் பித்தளை ஃபில்டரைக் கையில் எடுத்தபோது மறுபடி அழுதேன். இந்த அழுகை வேறு மாதிரி, இதற்குப் படம் தேவைப்படவில்லை. பத்தரை மணிக்குப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

வீட்டை விற்ற துக்கத்துக்குக் காதல் படம் எப்படி ஒத்துவந்தது என்று கேட்கலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் நம்மை இழிவாக நடத்துவது. இழவு, பறிகொடுப்பது. அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துவது என்று உரை சொல்கிறார்கள். நான்காவது தெரிந்ததே. என் துக்கம் அசைவு. 96-இன் துக்கமும் ஏறக்குறைய அதுதான்: பள்ளிக்கூடம் அங்கேயே இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள், அந்தக் காலத்துக்குத்தான் திரும்ப முடியவில்லை. வகை ஒன்று, கதை வேறு. சொந்த வீட்டை விற்கிற கதையையே போட்டிருந்தால் நான் பத்திரம், விலை, சித்தப்பாவின் பேச்சு என்று மனதுக்குள் வழக்காட ஆரம்பித்திருப்பேன், கண்ணீர் நின்றுபோயிருக்கும். கதை தள்ளி இருந்ததால் மனது தன் காவலைத் தளர்த்தியது.

இதே கணக்கில் இளிவு வகைப் படங்களை மட்டும் நான் இந்தக் காரியத்துக்கு எடுப்பதில்லை. பரியேறும் பெருமாளில் தந்தையை அவமானப்படுத்தி ஓடவிடுகிற காட்சியில் எனக்குக் கண்ணீரோடு கோபமும் வரும். அந்தக் கோபம் வர வேண்டும் என்றுதான் படமும் எடுக்கப்பட்டிருக்கிறது. அலுவலகத்தில் யாரோ மட்டம் தட்டிய நாளில் அதைப் பார்த்தால் இரவெல்லாம் பதில் வசனம் எழுதிக்கொண்டிருப்பேன்.

பாசமலரைப் பற்றி நான் சொல்வது பாதிதான் செல்லும், ஏனென்றால் அதைத் தனியாக நான் பார்த்ததே இல்லை. அண்ணனும் தங்கையும் பிரிக்கப்பட்டு, கடைசியில் ‘கை வீசம்மா கை வீசு’ என்று சொல்லிக்கொண்டே இருவரும் உயிர்விடுகிறார்கள். துக்கம் முழுதாக நடந்து முடிந்துவிடுகிறது, மூன்றாம் பிறையைப் போல ஊசலாடவில்லை. எங்கள் சித்தி அதை ஒவ்வொரு முறையும் முதல் முறை போல அழுதுகொண்டு பார்ப்பார், நடுவில் ‘சாவித்திரி கண்ணைப் பாருடி’ என்பார், விளம்பர இடைவேளையில் காபி போடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கல்லும் அழும். முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு ஓடும், பெரும்பாலும் குடும்பத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது பற்றி. துணைக்கு ஆள் இருக்கும்போது அழுதால் பலன் கூடும், கூச்சப்பட்டு அடக்கினால் குறையும் என்பதும் அழுகை ஆய்வுகளில் கண்டதுதான். கேலி செய்கிற தம்பி வீட்டில் இருக்கும் நாளில் பாசமலர் வேண்டாம். சித்தி இருந்தால் அதற்கு நிகரில்லை.

அழலாமா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சோதனை உண்டு. படத்துக்கு முன் ஒரே ஒரு பாட்டு கேட்பேன். தொண்டை இறுகினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, படத்தைப் போடலாம். எரிச்சல் வந்தால் அது பெரும்பாலும் தூக்கக் குறைவு, படுத்துக்கொள்வது மேல். எதுவுமே தோன்றாமல், அந்த மரத்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் படம் அதற்கு வழியில்லை. மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கு அழுகை அவ்வளவாக ஆறுதல் தருவதில்லை என்கிறார்கள், அங்கே மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருவரைச் சமீபத்தில் பறிகொடுத்தவருக்கு எந்தப் படம் என்று என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பா போன வருடம் நான் எந்தப் படமும் பார்க்கவில்லை. சாவு இல்லாத கதை என்பதால் 96 ஒத்துவரலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அது ஊகம்.

மூன்றாம் பிறையை நான் ஒதுக்கிவிடவில்லை. அதை மனது தெளிவாக இருக்கும் ஒரு பகலில், மதியம் இரண்டு மணிக்குப் போட்டு, முடிந்ததும் கடற்கரைக்கு நடக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். பாசமலருக்குச் சித்தி அடுத்த மாதம் வருகிறார். பித்தளை ஃபில்டரை அவரிடம் காட்ட வேண்டும், அதற்குப் பாதி உரிமை அவருக்கும் உண்டு.