மாதாந்தமா, மொத்தமா? அரச ஊழியரின் குடும்ப ஓய்வூதியமும் தோட்டத்துச் சேமலாப நிதியும்

தோட்ட அலுவலகத்தில் கிளாக்கர் வேலையை விட்டு அரசாங்க ஆசிரியர் நியமனத்தை நான் ஏற்றுக்கொண்டபோது, மாமனார் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, புள்ளைங்களுக்கு எந்த வேலையிலங்க மாப்பிள்ள கூடக் கெடைக்கும்?" என்றுதான் கேட்டார். மலையகத்தில் படித்து முடித்த பிள்ளைகள் இன்றும் இந்த இரண்டு வாசல்களின் முன்னேதான் நிற்கிறார்கள் என்பதால், அந்தக் கேள்விக்குரிய பதிலை விரிவாக எழுதுவது பயனுள்ளது. நான் அரசாங்கப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டப் பக்கத்தை எல்லோரும் அறிவர். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 விழுக்காடும் தொழில்தருநர் 12 விழுக்காடும் செலுத்துகின்றனர். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் 3 விழுக்காடு கட்டுகிறார். ஐந்து வருட சேவை முடிந்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும், நாட்சம்பளத் தொழிலாளருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளமும் கணக்காகும். ஊழியர் இறந்தால் இவை யாவும் பின்னுரித்தாளருக்கோ சட்டபூர்வ வாரிசுகளுக்கோ மொத்தமாகப் போய்ச் சேரும். அத்தோடு தோட்டத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இடையிலான பணக் கணக்கு முடிந்துவிடும்.

அரசாங்கப் பக்கம் இருப்பது வேறு வகையானது. பேச்சு வழக்கில் 'டபிள்யூ அன்ட் ஓ.பி.' என்று சொல்லப்படும் விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்துக்காக, ஓய்வூதிய உரித்துள்ள நிரந்தர நியமனம் பெற்ற ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் ஒரு தொகை கழிக்கப்படுகிறது. சேர்வதா வேண்டாமா என்ற தெரிவு ஊழியருக்கு இல்லை. ஆண் ஊழியர்களின் விதவைகளுக்கான சட்டம் 1898ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பெண் ஊழியரின் கணவனுக்கும் அதே உரித்தைக் கொடுக்கும் சட்டமோ 1983இல்தான் வந்தது. இன்று நமது தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியைகள் பலர் என்பதால், 'தபுதாரர்' என்ற சொல்லை நம் ஆண்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சேமலாபப் பணம் ஒரு நாளில் கைக்கு வந்து, ஒரு நாளில் முடிந்துவிடும். குடும்ப ஓய்வூதியமோ ஆளுக்கொரு முடிவுத் தேதியோடு வருகிறது. அதனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்டிலும், யாருக்கு எப்போது நின்றுபோகும் என்பதே என் கணக்கில் முதலிடம் பெறுகிறது.

இறந்தவரின் மனைவி அல்லது கணவனுக்கு ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்கிறது. அவர் தாமே சம்பளம் பெறும் அரச ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தாலும் இது நிற்பதில்லை. கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருக்கும் வீடுகளில், தமக்கென்று சம்பளம் வருவதால் விண்ணப்பிக்க முடியாது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுபவர்கள் உள்ளனர். அப்படி இருக்க வேண்டியதில்லை. மறுமணம் செய்தால் நிலைமை மாறும், முழுத் தொகையும் பழையபடி தொடராது. மறுமணத்தைப் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவிக்காவிட்டால், கூடுதலாகப் பெற்ற பணத்தைப் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டிவரும். இந்த ஓர் இடத்தில் சேமலாப நிதியே மேல். ஒருமுறை விதவையின் கைக்கு வந்த பணத்தை அவளுடைய மறுமணம் எந்த விதத்திலும் தொடாது.

தாய் உயிரோடு இருக்கும்வரை, அவளுடைய பிள்ளைகளுக்கென்று தனிப் பங்கு பிரிவதில்லை. முழு ஓய்வூதியமும் அவள் கைக்கே வருகிறது. இறந்தவருக்கு முந்திய திருமணத்துப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் கதை வேறு. அவர்களுக்கும் உரித்து உண்டு என்பதால் தற்போதைய மனைவிக்கு முழுவதும் கிடைக்காது. இத்தகைய வீடுகளில் சண்டை பெரும்பாலும் சாவு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

தாயும் இறந்த பின்னர், ஓய்வூதியம் பிள்ளைகளின் பெயருக்கு மாறுகிறது. பிள்ளை 26 வயதுக்குக் குறைந்தவராகவும், திருமணமாகாதவராகவும், தொழில் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது முதலில் மாறுகிறதோ, அன்றோடு அந்தப் பிள்ளையின் உரித்து முடிகிறது. இந்த 26 என்பது நம் நாட்டுக்குப் பொருத்தமான எண் என்றே எனக்குப் படுகிறது. உயர்தரம் எழுதி, வெட்டுப்புள்ளிக்குக் காத்திருந்து, பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் வாங்கும்போது நம் பிள்ளைகளுக்கு வயது 25ஐத் தொட்டுவிடுகிறது. 18இலோ 21இலோ நின்றுபோகும் உதவி, படிக்கிற பிள்ளையைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கும். அங்கவீனம் காரணமாகத் தானே உழைத்து வாழ முடியாத பிள்ளைக்கு, மருத்துவச் சபையின் பரிந்துரையோடு இந்த ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்க வழியுண்டு. என்னை அரசாங்கப் பக்கம் சாய்த்தது இந்த ஒரு விதிதான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். தலவாக்கலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், 18 வருட சேவைக்குப் பின் 44 வயதில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 40 வயது. பிள்ளைகளுக்கு 16, 11, 8 வயது. கடைக்குட்டி பிறவியிலேயே அங்கவீனமானவன். முதல் ஆறு வருடங்கள் தாய் முழு ஓய்வூதியத்தையும் பெற்று வீட்டை நடத்துகிறாள். அதன்பின் அவளும் இறந்துவிடுகிறாள். அப்போது பிள்ளைகளுக்கு 22, 17, 14 வயது. மூவரும் தகுதியுள்ளவர்கள் என்பதால் ஓய்வூதியம் மூவருக்கும் உரியது. அடுத்த வருடம் மூத்தவளுக்கு வேலை கிடைக்கிறது. 26க்கு இன்னும் மூன்று வருடம் இருந்தாலும் அவளுடைய உரித்து அங்கேயே முடிகிறது. இரண்டாமவன் படித்துக்கொண்டிருந்தால் 26 வரை, அதாவது தாய் இறந்ததிலிருந்து ஒன்பது வருடம், பெறுகிறான். அதற்கு முன் வேலையோ கலியாணமோ வந்தால் அதோடு சரி. கடைக்குட்டிக்கு 26 ஒரு முடிவே அல்ல. அவனைப் பராமரிக்கும் அக்காவின் வீட்டுக்கு, அவன் இருக்கும்வரை ஒரு வருமானம் வந்துகொண்டே இருக்கும்.

அதே மனிதர் தோட்டத்து உத்தியோகத்தராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், 18 வருடத்துக்குப் பணிக்கொடை 5,40,000 ரூபாய். 18 வருடமும் சராசரிச் சம்பளம் 40,000 என்று கொண்டால், சேமலாப நிதிக்கு மாதம் 8,000 வீதம் 17,28,000 ரூபாய் சேர்ந்திருக்கும். நம்பிக்கை நிதியத்துக்கு 2,59,200. வருடாந்த வட்டியோடு எல்லாம் சேர்ந்து 40 இலட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வங்கியில் 8 விழுக்காட்டுக்கு நிலையான வைப்பில் போட்டால், மாதம் ஏறத்தாழ 26,600 ரூபாய் வரும். காகிதத்தில் இது ஓய்வூதியத்துக்குச் சளைத்ததல்ல. முதலும் கையில் இருக்கிறது என்பது இன்னும் பெரிய கவர்ச்சி.

ஆனால் அந்த முதல் எவ்வளவு நாள் முதலாக இருக்கும்? லயத்தை விட்டு வெளியே ஒரு துண்டுக் காணியும் வீடும் வாங்கினால் பாதி போகும். மூத்தவளின் கலியாணத்துக்குக் கொஞ்சம், உறவினருக்குக் கைமாற்றாக இன்னும் கொஞ்சம். செலவே செய்யாமல் பொத்தி வைத்தாலும், 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியபோது அத்தகைய வைப்புகள் என்ன ஆகின என்று நாமே பார்த்தோம். அந்த வருடத்துக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 விழுக்காடு. ஓய்வூதியக்காரரும் அந்த ஆண்டில் நொந்துதான் போனார்கள் என்றாலும், அடுத்த மாதமும் ஒரு தொகை வந்தது. அதை யாரும் முன்கூட்டியே கடனாகக் கேட்டுவிட முடியவில்லை. அந்தக் கடைக்குட்டி 40 வயதை எட்டும்போது 40 இலட்சத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது.

இனி, அரசாங்க வாசலில் நம் மக்கள் தடுக்கி விழும் இடம். கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே பேரப்பிள்ளை கண்ட குடும்பங்கள் தோட்டங்களில் உண்டு. ஓய்வூதியத்துக்கோ விவாகப் பதிவுச் சான்றிதழ்தான் அடிப்படை. பதிவுத் திருமணம் இல்லாவிட்டால் விதவை என்று நிரூபிப்பதே பெரும்பாடு. அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் 'வீராயி', அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து பெயர்த்த 'வீரம்மா', பிள்ளையின் சான்றிதழில் தாயின் பெயர் மூன்றாவது விதமாக என்றால், பிரதேச செயலகத்து ஓய்வூதியக் கிளையில் கோப்பு நகராது. ஊழியர் உயிரோடு இருக்கும்போது ஒரு பிற்பகலில் இந்த ஆவணங்களை மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும். அவர் இறந்த பின்னர் அதே திருத்தத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். திருமணத்தையும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் திட்டத்தின் பதிவில் சேர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, உதவி ஆசிரியர் நியமனம் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது. கொடுப்பனவு மட்டும் பெறும் காலத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சம்பளப் பட்டியலில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியக் கழிவு விழத் தொடங்கியதா, அங்கத்துவ இலக்கம் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டால், எந்த மாதத்திலிருந்து உள்ளே இருக்கிறோம் என்பது விளங்கும்.

சேமலாப நிதியிலும் பெயர்ப் பிரச்சினை உண்டு. திருமணத்துக்கு முன் தாயைப் பின்னுரித்தாளராகக் கொடுத்தவர் திருமணத்துக்குப் பின் அதைப் புதிதாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும். ஆயினும் அங்கே ஒரு சுதந்திரம் இருக்கிறது. தாயையோ தம்பியையோ நியமிக்க விரும்பும் மணமாகாத இளைஞருக்கு அந்தப் பணம் அவர்களைச் சென்றடையும். குடும்ப ஓய்வூதியமோ துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியது. பெற்றோருக்கும் சகோதரருக்கும் அதில் இடமில்லை. அதனால், கலியாண எண்ணமே இல்லாமல் வயதான தாயைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், இறப்புக்குப் பிந்திய பயனை மட்டும் வைத்து அரசாங்க வேலையைத் தெரிவு செய்யச் சொல்ல மாட்டேன். மனைவியும், அதிலும் தன் காலில் நிற்க முடியாத ஒரு பிள்ளையும் உள்ளவரிடம் மாற்றிச் சொல்வேன். என் மாமனாருக்கும் அன்று அந்தப் பதிலைத்தான் சொன்னேன். வைப்பில் போட்டால் வட்டி வருமே என்று அவர் இன்றும் விடாமல் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்.